தக்கைப்பூண்டை மடக்கி உழுத வயலில் யூரியாவை எவ்வளவு குறைக்கலாம்? ஒரு சம்பாப் பருவத்துக் கணக்கு

அறுவடை முடிந்து சோதனைப் பாத்திகளின் நெல் எடையும் வந்துவிட்டது. பசுந்தாள் உரமாக வளர்த்த தக்கைப்பூண்டை மடக்கி உழுததால் எங்கள் வயலில் நெல்லுக்குக் கிடைத்தது ஏக்கருக்குச் சுமார் 18 கிலோ தழைச்சத்து. உழுத அன்று நான் போட்ட கணக்கில் 23 கிலோ வந்தது. விதைக்கடைக்காரர் சொன்ன கணக்குப்படி பார்த்தால் 65 கிலோ. இந்த மூன்று எண்களும் ஏன் இவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் கூடும் நண்பர்களில் பாதிப் பேருக்கு மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் நிலம் இருக்கிறது. ஊரில் ஒருவர் பயிர் செய்வார், இங்கே இருப்பவர் பணம் அனுப்பிவிட்டுப் போனில் யோசனை சொல்வார். அவர்களுக்கு இது உதவும்.

எங்களுடையது மன்னார்குடிப் பக்கம் மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர். சித்தப்பா பயிர் செய்கிறார். குறுவை கிடையாது, சம்பா மட்டும்தான். ரகம் வெள்ளைப் பொன்னி. முந்தைய ஆண்டும் தக்கைப்பூண்டு விதைத்து உழுதோம். ஆனால் உரத்தில் எதையும் குறைக்கவில்லை. அடியுரமாக ஒரு மூட்டை டிஏபி, பிறகு மூன்று தவணையில் இரண்டரை மூட்டை யூரியா, எப்போதும் போல. பயிர் கரும்பச்சையாக, பார்க்கவே ஆசையாக வளர்ந்தது. அப்புறம் இலைச்சுருட்டுப் புழு வந்தது, மருந்து அடித்தோம். கார்த்திகை மழையில் முக்கால் வயல் சாய்ந்துவிட்டது. சாய்ந்த பயிரை அறுக்க இயந்திரம் கூடுதல் மணி நேரம் ஓடியது, நெல்லும் முளைத்துவிட்டது.

அந்த ஆண்டு பயிருக்கு என்ன கொடுத்தோம் என்று கூட்டிப் பார்த்தால் காரணம் தெரியும். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. இரண்டரை மூட்டைக்கு 52 கிலோ. டிஏபியை எல்லோரும் மணிச்சத்து உரம் என்றே நினைக்கிறோம். அதில் 18 சதவீதம் தழைச்சத்தும் இருக்கிறது, 50 கிலோ மூட்டைக்கு 9 கிலோ. இரண்டும் சேர்ந்து 61. இதற்கு மேல் தக்கைப்பூண்டு. வெள்ளைப் பொன்னி உயரமான, சாயும் ரகம். தழைச்சத்தைக் கொட்டினாலும் விளைச்சலாக மாற்றத் தெரியாத பயிர். மற்ற மத்திய, நீண்ட கால ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ என்றால், இதற்கு 75 கிலோதான். ஏக்கருக்கு 30. நாங்கள் உரமூட்டையிலேயே அதைப் போல இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறோம்.

ஆகவே இந்த முறை யூரியாவைக் குறைப்பது என்று முடிவு. எவ்வளவு குறைப்பது என்பதுதான் சிக்கல். ‘பசுந்தாள் போட்டா பாதி யூரியா போதும்’ என்று சொல்வார்கள். எதில் பாதி? இடுப்பளவு வளர்ந்த தக்கைப்பூண்டுக்கும் தலைக்கு மேல் வளர்ந்ததற்கும் ஒரே பாதியா? நமது வயலில் எவ்வளவு தழை மடங்கியது என்று நிறுத்துப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடையாது.

விதைப்பு ஆனியில். ஏக்கருக்கு 20 கிலோ விதை, போர் தண்ணீரில் ஒரு நனைப்பு. விதைப்பதற்கு முன்பே சித்தப்பாவிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: வடமேற்கு மூலையில் மூன்று சின்னப் பாத்தி அளவுக்கு இடத்தை விதைக்காமல் விட வேண்டும். “எதுக்குத் தம்பி, மொட்டையா நிக்கும்” என்றார். பசுந்தாள் இல்லாமல் பயிர் எப்படி வரும் என்று பார்க்க இடம் இல்லையென்றால், இருந்ததால் எவ்வளவு வந்தது என்று சொல்லவே முடியாது. ஒருவழியாக ஒப்புக்கொண்டார். அந்த இடத்தில் களை முளைத்தது. சாதாரணமாகத் தரிசு போட்டால் எப்படி இருக்குமோ அப்படியே உழவில் மடங்கட்டும் என்று அதை விட்டுவைத்தோம்.

ஆவணியில் விடுப்பு எடுத்துப் போனேன். பயிருக்கு 45 நாள் வயது, அங்கங்கே முதல் பூ தெரிந்தது. இதுதான் மடக்கும் பருவம். இதைத் தாண்டினால் எடை இன்னும் ஏறும், ஆனால் ஏறுவதெல்லாம் தண்டு. தண்டு நார் கட்டிவிட்டால் மண்ணுக்குள் சீக்கிரம் மக்காது.

கருவி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிங்கப்பூரில் இருக்கும் நம்மாள் ஒவ்வொருவர் வீட்டிலும் விமானப் பெட்டியை எடை போடும் தொங்கு தராசு ஒன்று இருக்கும். 10 கிராம் துல்லியம் காட்டும், 50 கிலோ வரை தாங்கும். அதை எடுத்துப் போனேன். கூடவே முஸ்தபா சென்டரில் வாங்கிய, கிராம் காட்டும் சமையலறைத் தராசு. ஊரில் மின்வயர் போடும் பிவிசி குழாய் வாங்கி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம் செய்தேன். நான்கு பக்கமும் மூடிய சட்டத்தை ஆளுயரச் செடிக்கு மேல் இறக்க முடியாது, கிளைகளில் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டு, தரையோடு தரையாகச் செடிகளுக்கு நடுவே தள்ளி, கடைசியில் நான்காவது குழாயைச் செருக வேண்டும். ஓரத்தில் நிற்கும் செடி, வேர் உள்ளே இருந்தால் கணக்கில் சேரும், வெளியே இருந்தால் சேராது. கிளை எங்கே சாய்ந்திருக்கிறது என்று பார்க்கக் கூடாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கை தானாகத் தப்புச் செய்யும். நன்றாக வளர்ந்த இடத்தில்தான் சட்டத்தை வைக்கத் தோன்றும். வரப்போரம் பத்தடி விட்டு, மூலைக்கு மூலை நடந்து, இத்தனை தப்படிக்கு ஒரு முறை என்று முன்பே பேசிக்கொண்டு, கால் நின்ற இடத்தில் வைத்தோம். தரையை ஒட்டி அறுத்து, பனி காய்ந்த பிறகு, வேர்மண் இல்லாமல் எடை போட்டோம். ஆறு சட்டங்களில் வந்தவை: 2.9, 2.4, 1.1, 2.6, 2.3, 1.9 கிலோ. சராசரி 2.2 கிலோ. ஒரு சென்ட் 40.5 சதுர மீட்டர் என்பதால் சென்ட்டுக்கு 89 கிலோ. ஏக்கருக்கு 8.9 டன் பச்சைத் தழை. ஹெக்டேருக்கு 25 டன் வரை வரும் என்று சொல்லப்படும் பயிரில் நமக்கு 22 டன். மோசமில்லை.

அந்த 1.1 கிலோவைக் கழித்துவிட்டால் சராசரி அழகாக ஏறும். சித்தப்பாவும் அதைத்தான் சொன்னார். அது சில ஆண்டுகளுக்கு முன் மேட்டை வெட்டிச் சமன் செய்த இடம், மேல்மண் போய்விட்டது. ஆனால் அந்த இடமும் நம் வயல்தானே, அங்கேயும் நெல் நடப்போம். ஆகவே கணக்கில் வைத்தோம். அந்த இடத்துச் செடி ஒன்றை மண்வெட்டியால் கொத்தி வேரோடு எடுத்துப் பார்த்தேன். வேர்முடிச்சு குறைவு, நகத்தால் கீறினால் உள்ளே வெளிர்பச்சை. நன்றாக வளர்ந்த இடத்துச் செடியில் முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. சிவப்பு என்றால் முடிச்சு காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பச்சை அல்லது பழுப்பு என்றால் வேலை நின்றுவிட்டது. செலவில்லாத சோதனை, ஒரு நிமிடத்தில் முடியும்.

இங்கே ஒரு கேள்வி வரும். செடியில் இருக்கும் தழைச்சத்து முழுவதும் காற்றிலிருந்து வந்ததில்லை, ஒரு பங்கு மண்ணிலிருந்தே எடுத்தது. அதை வரவில் சேர்க்கலாமா? நெல் வயலில் சேர்க்கலாம் என்பது என் கட்சி. கோடையில் காய்ந்து கிடக்கும் மண்ணில் உருவாகும் நைட்ரேட், வயலில் தண்ணீர் கட்டியதும் வாயுவாக மாறிப் பறந்துவிடும், இல்லையென்றால் அடியில் இறங்கிவிடும். தக்கைப்பூண்டு அதற்கு முன்பே அதை உறிஞ்சித் தன் இலையில் வைத்துக்கொள்கிறது. தரிசாக விட்டிருந்தால் நெல்லுக்குக் கிடைத்திருக்காத ஒன்று இப்போது கிடைக்கிறது. பல ஆண்டுக் கணக்கில் மண்வளம் ஏறுகிறதா என்று பார்ப்பவர் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். இந்தப் பருவத்து யூரியாவுக்கு அது தேவையில்லை.

அடுத்தது ஈரம். 8.9 டன்னில் பெரும்பகுதி தண்ணீர். ஆறு குவியலிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலந்து சரியாக ஒரு கிலோ நிறுத்து, இலை வேறு தண்டு வேறாகப் பிரித்து, தண்டை விரல்நீளத்துக்கு நறுக்கி, தகரத்தின் மேல் வெயிலில் காயவைத்தோம். ஆடு வாய்வைக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். எடை இறங்குவது நிற்கும் வரை தினமும் நிறுத்தோம். கடைசியில் இலை 105 கிராம், தண்டு 127 கிராம்.

வெயிலில் காய்ந்ததெல்லாம் முழுசாகக் காய்ந்ததில்லை. இதைப் புறப்படும் முன்பே ஈசூன் வீட்டில் பார்த்து வைத்திருந்தேன். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கித் தாழ்வாரத்தில் காயவைத்து, நொறுங்கும் பதம் வந்ததும் எடை போட்டு, பிறகு ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் கதவைச் சற்றே திறந்து வைத்து மறுபடி காயவைத்தேன். பத்தில் ஒரு பங்குக்கு மேல் இன்னும் இறங்கியது. வீட்டில் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள், அது வேறு கதை. இங்கே காற்றில் ஈரம் அதிகம், ஊர் வெயிலில் அவ்வளவு மிச்சம் இருக்காது. பத்தில் ஒரு பங்கு என்றே கழித்தேன். இலை 95, தண்டு 114. ஆக ஒரு கிலோ பச்சைத் தழையில் 209 கிராம்தான் உலர் எடை, சுமார் 21 சதவீதம். ஏக்கருக்கு 1,870 கிலோ.

விதைக்கடைக்காரரின் 65 கிலோ எப்படி வந்தது என்பது இப்போது தெரியும். தக்கைப்பூண்டில் தழைச்சத்து 3.5 சதவீதம் என்று அட்டவணையில் போட்டிருக்கும். 1,870-ஐ அதால் பெருக்கினால் 65. அந்த 3.5 இலை மிகுந்த இளம் செடிக்குப் பொருந்தும். நம் குவியலில் பாதிக்கு மேல் தண்டு. இலைக்கு 4 சதவீதம், தண்டுக்கு 1.2 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 95 கிராம் இலையில் 3.8 கிராம், 114 கிராம் தண்டில் 1.4 கிராம், மொத்தம் 5.2 கிராம். 209-க்கு அது 2.5 சதவீதம். ஏக்கருக்கு 47 கிலோ. பிரித்துக் காயவைத்த ஒரே வேலையால் 18 கிலோ குறைந்தது. ஆய்வகத்தில் கொடுத்து அளந்திருந்தால் இன்னும் உறுதியாக இருக்கும். ஆனால் இந்த ஊகத்தில் அரை சதவீதம் பிசகினாலும் 9 கிலோதான் மாறும். சட்டம் வைக்கும் இடத்தில் ஏமாறினால் அதைவிடப் பெரிய பிசகு வரும்.

47 கிலோவும் நெல்லுக்குப் போகாது. இளம் இலை தண்ணீர் கட்டிய மண்ணில் வேகமாக மக்கும், முதல் சில வாரங்களில் அம்மோனியமாக வெளிவந்துவிடும். தண்டும் வேரும் மெதுவாகப் போகும், ஒரு பங்கு மண்ணின் அங்ககப் பொருளோடு சேர்ந்து அடுத்தடுத்த ஆண்டுக்கு நிற்கும். முதல் பயிருக்குப் பாதி என்று வைப்பது வழக்கம். ஏக்கருக்கு 23 கிலோ. ஹெக்டேருக்கு மாற்றினால் 58. நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஹெக்டேருக்கு 60 கிலோ தழைச்சத்துக்கு ஈடு என்று பரவலாகச் சொல்லப்படுவதோடு இது ஒத்துப்போனது. வேரை எடை போடவில்லை. அது நமக்குச் சாதகமான பக்கத்துப் பிழை, இருக்கட்டும் என்று விட்டேன்.

தேவை 30. தக்கைப்பூண்டு 23, டிஏபி ஒரு மூட்டையில் 9. கூட்டினால் 32. அதாவது யூரியாவே வேண்டாம்! சித்தப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். “யூரியா இல்லாம சம்பாவா? பக்கத்து வயல்காரன் என்ன சொல்லுவான்?” கடைசியில் ஒரு ஒப்பந்தம். மூட்டையை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்வது. இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பயிரின் பசியைக் காட்டும் இலை வண்ண அட்டை கேட்டால் மட்டும் பிரிப்பது.

டிராக்டர் சுழற்கலப்பை இரண்டு சால் ஓட்டியது. முதல் சாலிலேயே செடி நொறுங்கி மண்ணோடு கலந்துவிட்டது. சோதனை மூலைக்கு டிராக்டரை விடவில்லை. விட்டால் பக்கத்துத் தழையை இழுத்துக்கொண்டு வந்து விதைக்காத பாத்தியில் போட்டுவிடும். மண்வெட்டியால் கொத்தி, ஐந்து மீட்டருக்கு நான்கு மீட்டர் அளவில் நான்கு பாத்தி கட்டினோம். மூன்று தக்கைப்பூண்டு இல்லாதவை, நான்காவது அதே ஓரத்தில் தக்கைப்பூண்டு நின்ற இடம். ஒரு பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்கு வழியக் கூடாது. வழிந்தால் உரமும் சேர்ந்து போகும், பிறகு நான்கும் ஒன்றுதான். ஒவ்வொன்றுக்கும் வாய்க்காலிலிருந்து தனித்தனி மடை வெட்டினோம். இந்த நான்கில் மட்டும் டிஏபிக்குப் பதில் சூப்பர் பாஸ்பேட், அதில் தழைச்சத்து இல்லை. பொட்டாஷ் எல்லாவற்றுக்கும் சமம்.

முதல் பாத்திக்கு யூரியா கிடையாது. இரண்டாவதுக்கு ஏக்கருக்கு 15 கிலோ தழைச்சத்து என்ற வீதம். 20 சதுர மீட்டருக்கு அது 161 கிராம் யூரியா. மூன்றாவதுக்கு 30 கிலோ வீதம், 322 கிராம். இவற்றைத் தவணை தவணையாகப் பிரித்து, சமையலறைத் தராசில் நிறுத்து, தேதி எழுதிய சின்னப் பைகளில் போட்டுச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன். நான்காவது பாத்திக்குத் தக்கைப்பூண்டு மட்டும்.

நான் இங்கே வந்த பிறகு நடந்ததுதான் கணக்கைக் கெடுத்தது. உழுது பத்து நாளில் நடவு என்று திட்டம். அதுவரை வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். முறைப்பாசனத்தில் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் தள்ளிப்போனது, போர் மோட்டாரும் அதே நேரம் பழுது. வயல் காய்ந்து மயிரிழை வெடிப்பு விட்டது. ஐந்து நாள் கழித்துத் தண்ணீர் வந்து, மறுபடி சேறடித்து நட்டார்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் வெடிப்பைப் பார்த்ததுமே 23 நிற்காது என்று தெரிந்தது. தண்ணீர் நிற்கும்வரை தழைச்சத்து அம்மோனியமாகச் சேற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்து காற்றுப் புகுந்தால் அது நைட்ரேட் ஆகும். திரும்ப நீர் கட்டினால் அந்த நைட்ரேட் வாயுவாகிப் போய்விடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது.

நட்ட இரண்டாம் வாரம் பயிர் கொஞ்சம் வெளிறியது. சித்தப்பா மூட்டையைப் பிரிக்கக் கிளம்பிவிட்டார். பசுந்தாள் மக்கும்போது சேற்றில் உண்டாகும் அமிலங்களால் இளம் வேர் கொஞ்சம் முடங்கும், பசி இல்லாமலேயே இப்படி வெளிறலாம். நீரை ஒரு நாள் வடித்து மேல்மண்ணை மட்டும் ஆறவிட்டு உடனே மறுபடி கட்டச் சொன்னேன். வெடிப்பு விடும் அளவுக்கு விட்டால் பழைய கதைதான். ஒரு வாரத்தில் பச்சை திரும்பியது. இதுவே யூரியா போட்ட பிறகு திரும்பியிருந்தால், யூரியாவால்தான் திரும்பியது என்று ஊரே சொல்லியிருக்கும்.

அப்புறம் வாரா வாரம் இலை வண்ண அட்டை. காலை எட்டு மணிக்கு மேல் பத்துக்குள், மேலிருந்து மூன்றாவது, முழுக்க விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பத்து இடம். வெள்ளைப் பொன்னிக்கு 3-க்குக் கீழே ஆறு இடமாவது போனால்தான் யூரியா, மற்ற ரகங்களுக்கு அந்த எல்லை 4. படத்தை அனுப்புங்கள் நானே பார்க்கிறேன் என்று முதலில் சொல்லியிருந்தேன். அது நடக்காத காரியம். ஊரில் எட்டரை என்றால் இங்கே பதினொன்று, வேலைக்கு நடுவே திறந்து பார்ப்பேன். ஒவ்வொரு படத்திலும் வெயிலுக்குத் தக்கபடி பச்சை மாறியிருக்கும். கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்துகிறது. இலையை அட்டையின் மேலேயே வைத்து, சித்தப்பா தன் முதுகால் வெயிலை மறைத்து, இரண்டும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தபோதுதான் பயன்பட்டது. அட்டைக்கும் இலைக்கும் ஒரே வெளிச்சம் என்பதால் ஒப்பீடு கெடாது. அதற்குப் பிறகு சித்தப்பாவே எண்ணைச் சரியாகச் சொல்லத் தொடங்கிவிட்டார், படம் தேவைப்படவில்லை.

தூர் கட்டும் காலம் முழுக்க அட்டை 3-க்கு மேலேயே நின்றது. கதிர் உருவாகும் நேரத்தில்தான் பத்தில் ஏழு இடம் 3-க்குக் கீழே இறங்கியது. சமன் செய்த அந்த இடம் முதலிலேயே இறங்கிவிட்டது, அங்கே ஆறில் ஒரு சட்டம் 1.1 கிலோ காட்டியது நினைவிருக்கும். பரிந்துரையில் ஒரு தவணைக்கு ஏக்கருக்கு 26 கிலோ யூரியா என்று வரும். எங்கள் கணக்கில் பற்றாக்குறை அவ்வளவு இருக்காது என்பதால் 15 கிலோ மட்டும் போட்டோம், அந்த மேட்டுப் பகுதியில் கை தாராளமாக. அதோடு சரி, மூட்டையில் மிச்சம் இன்னும் வீட்டில் இருக்கிறது.

கார்த்திகை மழை இந்த ஆண்டும் அடித்தது. வாய்க்கால் ஓரம் கொஞ்சம் சாய்ந்ததைத் தவிர வயல் நின்றது. இலைச்சுருட்டுப் புழு தலைகாட்டியது, மருந்து தேவைப்படவில்லை. ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையில் 29 மூட்டை.

பாத்திகளை இயந்திரம் வருவதற்கு முன் கையால் அறுத்தார்கள். ஓர வரிசைகளை விட்டுவிட்டு நடுவில் நான்குக்கு இரண்டரை மீட்டர், அதாவது பத்து சதுர மீட்டர் மட்டும். தூற்றிக் காயவைத்து எடை போட்டதில் யூரியா இல்லாத பாத்தி 3.3 கிலோ, 15 கிலோ வீதப் பாத்தி 4.1, 30 கிலோ வீதப் பாத்தி 4.6, தக்கைப்பூண்டுப் பாத்தி 4.2. இதைப் படிப்பது இப்படி: தக்கைப்பூண்டின் 4.2, 15-க்கும் 30-க்கும் நடுவே விழுகிறது. 4.1-லிருந்து 4.6 வரை அரை கிலோ ஏற 15 கிலோ தழைச்சத்து வேண்டியிருந்தது என்றால் 0.1 கிலோ ஏற 3 கிலோ. ஆக 15-உம் 3-உம் 18. யூரியாவாகச் சொன்னால் 39 கிலோ, ஒரு மூட்டைக்கும் கொஞ்சம் குறைவு.

இந்த 18-ஐக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். நூறு கிராம் நெல் எலி தின்றிருந்தால்கூட எண் 3 கிலோ மாறிவிடும். ஒவ்வொரு வீதத்துக்கும் ஒரே பாத்திதான் இருந்தது. 15-க்கும் 21-க்கும் நடுவே என்று எடுத்துக்கொள்வதே நியாயம். ஆனால் 23 என்பது கூடுதல் என்பதையும், 65 என்பது கனவு என்பதையும் சொல்ல இந்தத் துல்லியம் போதும். அட்டை கடைசியில் கேட்ட 15 கிலோ யூரியாவில் 7 கிலோ தழைச்சத்து இருக்கிறது. 23-க்கும் 18-க்கும் இடையிலான பள்ளத்தை அது நிரப்பியிருக்கிறது என்று பார்த்தால் வயலும் பாத்தியும் ஒன்றையொன்று பொய் சொல்லவில்லை.

செலவைச் சொல்லாமல் விட்டால் முழுமையாகாது. விதை 20 கிலோ, கிலோ 90 ரூபாய், 1,800. கூடுதல் உழவுக்கு 1,200. மொத்தம் 3,000 ரூபாய். பதிலுக்குக் கிடைத்த 39 கிலோ யூரியாவின் விலை, மூட்டை 266 ரூபாய் 50 காசு என்ற மானிய விலையில், 231 ரூபாய். சிங்கப்பூரில் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. தழைச்சத்தை மட்டும் காசாக்கிப் பார்த்தால் பசுந்தாள் நட்டம்தான், இதை மறைத்துப் பேசுபவர்களை நம்ப வேண்டாம். யூரியாவுக்கு மானியம் இல்லாத விலை வைத்தால் கணக்கு வேறு, ஆனால் நாம் கடையில் கொடுப்பது மானிய விலை. எங்களுக்கு லாபம் வேறு இடத்தில் வந்தது. மருந்துச் செலவு இல்லை, அறுவடை இயந்திரம் கூடுதல் நேரம் ஓடவில்லை, நெல் முளைக்கவில்லை. அவை பசுந்தாளால் வந்தவை அல்ல, யூரியாவைக் குறைத்ததால் வந்தவை. பசுந்தாளும் போட்டு யூரியாவையும் குறைக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் செலவான வழி, அதை முந்தைய ஆண்டு செய்து பார்த்துவிட்டோம்.

அடுத்த சம்பாவுக்கு மூன்று மாற்றம். மொத்தத் தழைச்சத்தைப் பாதியால் பெருக்காமல் 0.4-ஆல் பெருக்கப் போகிறேன். 47-க்கு 18 என்பது அந்த அளவுதான். தண்ணீர் முறை உறுதியாகத் தெரியும் வரை மடக்கி உழக் கூடாது என்று சித்தப்பாவிடம் பேசியிருக்கிறேன். செடி ஒரு வாரம் முற்றினால் இழப்பது கொஞ்சம், உழுத வயல் காய்ந்தால் இழப்பது அதிகம். டிஏபிக்குப் பதில் வயல் முழுவதற்கும் சூப்பர் பாஸ்பேட் போட்டால் அந்த 9 கிலோவும் நம் கையில் இருக்கும், அட்டை கேட்கும்போது யூரியாவாகக் கொடுத்துக்கொள்ளலாம். சூப்பருக்கு மூட்டை எண்ணிக்கை அதிகம், தூக்கிப் போடக் கூலி ஆகும் என்று சித்தப்பா இன்னும் யோசிக்கிறார். மேல்மண் போன அந்த இடத்துக்கு இந்தக் கோடையிலேயே இரண்டு டிராக்டர் தொழுவுரம் அடித்துவிட்டார், என்னைக் கேட்கவில்லை.